ஒளிப்புள்ளிக்கு அடியில்

மாறுகண், வாக்குக்கண், ஒன்றரைக்கண். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்ணின் கண்ணைப் பற்றிச் சொல்ல இத்தனை சொற்கள் உண்டு. முதலாவதை ஆஸ்பத்திரியில் சொல்வார்கள், கடைசியைச் சண்டையில். மாறுகண் பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்ற ஆறுதலும் உண்டு. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் அந்த அதிர்ஷ்டத்தைக் காட்ட யாரும் துணிந்ததில்லை. அதைப் படத்திலிருந்து எடுப்பதற்கென்று ஒரு கைத்தொழிலே இருந்தது.

என் ஆச்சிக்கு இடது கண் வெளிப்பக்கமாக ஒதுங்கும். எப்போதும் அல்ல, களைத்துப்போனால், வெயிலில் நின்றால், எதையாவது யோசித்தபடி இருந்தால். பேச்சுக் கொடுத்தால் கண் தானாக நேருக்கு வந்துவிடும். மருத்துவத்திலும் இது தெரிந்த சங்கதிதான்: விட்டுவிட்டு வரும் இவ்வகை மாறுகண்ணை மூளை கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தும், கவனம் தளர்ந்ததும் விட்டுவிடும். ஸ்டூடியோவில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, முந்தானையைச் சரிசெய்து, "ஆடாமல் இருங்க" என்று காக்கவைப்பது அந்தக் கண்ணை ஒதுங்கச் சொல்வதற்குச் சமம். முகத்துக்குக் கிட்டத்தில் ஒரு விரலைக் காட்டி, "இதைப் பாருங்க" என்று சொல்லி உடனே எடுத்திருந்தால் பாதித் திருத்தம் தேவைப்பட்டிருக்காது. 1958இல் சங்கரன்கோவிலில் ஆச்சியைப் பெண் பார்ப்பதற்காகப் படம் எடுத்தவர் அப்படிச் செய்யவில்லை. நெகட்டிவைப் பார்த்தால் தெரிகிறது.

அந்த நெகட்டிவ் எனக்குக் கிடைத்தது தற்செயல். மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்கள் பெரும்பாலும் வெள்ளிக்காக எடைக்குப் போயின; கண்ணாடித் தட்டுகளைக் கழுவி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்தது இந்த அழிவுக்கு நடுவில்தான். ஆச்சியுடையது ஹாஃப் பிளேட், அதாவது நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை. அதில் முகம் மட்டும் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். நிஜத்தில் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவிழி, தட்டில் இரண்டே கால் மில்லிமீட்டர். டச்சிங் செய்பவரின் உலகம் அவ்வளவுதான்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் வெளுப்பாக இருப்பது கறுத்திருக்கும், கருவிழி கண்ணாடியைப் போலத் தெளிந்திருக்கும். ஆகவே அங்கே பென்சில் வைத்தால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். கத்தியால் சுரண்டி வெள்ளியைக் குறைத்தால் அச்சில் கறுக்கும். வெளியே ஒதுங்கிய கண்ணை மூக்குப் பக்கம் கொண்டுவர இரண்டும் வேண்டும். வெளி ஓரத்தில் கருவிழியின் ஒரு பிறையைப் பென்சிலால் மூட வேண்டும். உள் ஓரத்தில், வெள்ளைவிழி இருந்த இடத்தில், அதே அளவு பிறையைச் சுரண்ட வேண்டும். தட்டின் மேல் முதலில் டாமர் பிசினை டர்பன்டைனில் கரைத்துப் பூசுவார்கள். இல்லாவிட்டால் பென்சில் பிடிக்காது. முனையை உப்புத்தாளில் ஊசிபோலத் தேய்த்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்வு மேசையில் தட்டை வைத்து, கோடு தெரியாமல் புள்ளிபுள்ளியாக நிரப்புவார்கள். பென்சில் பிழைத்தால் டர்பன்டைனால் துடைத்துவிடலாம். கத்தி பிழைத்தால் திரும்பி வர வழி இல்லை.

பிழைத்த படங்களையும் பார்த்திருக்கிறேன். வழக்கமான தவறு, வெள்ளைவிழியை வெள்ளையாகவே விடுவது. நிஜத்தில் மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கும். அந்தச் சாம்பலைப் பென்சிலில் கொண்டுவராவிட்டால் கண் பீங்கான் பொம்மையின் கண்ணாகிவிடும். ஆனால் இன்னும் பெரிய தவறு ஒளிப்புள்ளியில் நடக்கும்.

எந்த உருவப்படத்திலும் கருவிழியின் மேல் விளக்கோ ஜன்னலோ ஒரு சிறு வெண்புள்ளியாகத் தெரியும். பார்வை எங்கே இருக்கிறது என்பதை நாம் அறியாமலே அந்தப் புள்ளியை வைத்துத்தான் அளக்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் கண் மருத்துவர் யூலியுஸ் ஹிர்ஷ்பெர்க் இதையே சோதனை முறையாக்கினார். புள்ளி நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால் கண் ஏறக்குறைய 7 பாகை திரும்பியிருக்கிறது என்று பொருள். ஆச்சியின் வலது கண்ணில் புள்ளி நடுவுக்குச் சற்று மேலே இருக்கிறது. இடது கண்ணில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு தூரம் மூக்குப் பக்கம் தள்ளி இருந்திருக்கிறது. நிஜ அளவில் இரண்டு மில்லிமீட்டர். சுமார் 15 பாகை.

கண் திரும்பும்போது இந்தப் புள்ளி கருவிழியோடு சேர்ந்து முழுதாக நகர்வதில்லை. விளக்கு இருந்த இடத்தில்தானே இருக்கிறது! புள்ளி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்க, அதற்கு அடியில் கருவிழி நழுவுகிறது. ஆச்சியின் நெகட்டிவைத் திருத்தியவருக்கு ஹிர்ஷ்பெர்க் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் இது தெரிந்திருந்தது. அவர் புள்ளியைத் தொடவே இல்லை. அளவுகோல் பதித்த லூப்பில் பார்த்தேன்: முழுத் திருத்தத்துக்கு 0.6 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும், அவர் நகர்த்தியது 0.4. மிச்சம் விட்ட 5 பாகையை யார் கண்ணும் குற்றம் சொல்லாது. முகமும் ஆச்சியின் முகமாகவே இருக்கிறது. நம் கண்களின் நிறமும் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. அடர் பழுப்பில் நடுமணி தனியாகத் தெரியாது, ஓரங்களை மட்டும் திருத்தினால் போதும்.

இத்தனை நுட்பமும் யாருக்காக? எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் தம்பி படமும் தொங்குகிறது. அதே ஸ்டூடியோ முத்திரை. அவருக்கும் மாறுகண், இன்னும் கூடுதலாகவே. கன்னத்து அம்மைத் தழும்புகளைப் பென்சிலால் நிரப்பியிருக்கிறார்கள், கண்ணில் கைவைக்கவில்லை. ஒரு வீட்டுச் சுவர் வரலாறாகிவிடாதுதான். ஆனால் அவர் படம் எந்தத் தரகர் கையிலும் ஏறி எந்த வீட்டுத் திண்ணைக்கும் போகவில்லை என்பதை நான் மறக்க விரும்பவில்லை. ஆச்சியின் படம் மூன்று வீடுகளுக்குப் போய்த் திரும்பியது. நான்காவது வீட்டில் தாத்தா. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, "படத்துல ஏமாத்திட்டாக" என்று மாமியார் சொன்னதை ஆச்சி எழுபது வயதிலும் அதே குரலில் சொல்லிக்காட்டுவாள். பென்சில் பிடித்தவரையோ, பிடிக்கச் சொன்ன தன் அப்பாவையோ யாரும் கேட்கவில்லை என்பாள். ஏமாற்றியவள் என்ற பெயர், விளக்கைப் பார்த்து ஆடாமல் உட்கார்ந்திருந்தவளுக்குப் போனது.

ஆச்சி இறந்தபின் மாமா அவளுடைய கடைசிக்காலப் படம் ஒன்றைப் பெரிதாக்கச் சொன்னார், "கண்ணை மட்டும் லேசா சரிபண்ணிரு" என்று. இன்று கணினியில் இதைச் செய்பவர்கள் கருவிழியைப் புள்ளியோடு சேர்த்து வெட்டி நகர்த்துகிறார்கள், அல்லது நல்ல கண்ணைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டுகிறார்கள். முதல் வழியில், கண் நடுவுக்கு வந்தபிறகும் புள்ளி ஓரத்திலேயே இருக்கும். ஏதோ இடிக்கிறது என்று தோன்றும், எது என்று சொல்ல வராது. இரண்டாவதில் ஒரு கண்ணுக்கு இடப்புறமும் மறுகண்ணுக்கு வலப்புறமும் விளக்கு இருந்ததுபோல ஆகிவிடும். இரண்டு கண்ணிலும் புள்ளி, கடிகார முள்போல, ஒரே திசையில் நிற்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. நான் மாமாவுக்குத் திருத்தாத படத்தையே கொடுத்தேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மாட்டிவிட்டார்.

நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இடது கண்ணின் வெளி ஓரத்தில் பென்சில் ஈயம்போல மினுங்கும், உள் ஓரத்தில் சுரண்டிய பள்ளம் நிழல் காட்டும். தூசி என்று நினைத்து யாராவது டர்பன்டைனால் துடைத்துவிடக் கூடாது என்று உறையின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். துடைத்தால் பென்சில் மட்டும் போகும், கத்தி வெட்டியது போகாது. வெளிப்பிறை திரும்பி வர, உட்பிறையும் அப்படியே இருக்க, ஆச்சியின் இடது கருவிழி வலதைவிட ஆறில் ஒரு பங்கு அகன்று தெரியும்.