மருந்தாக்கியல் மாணவர்க்கான முதல்நாள் உரை

பி.ஃபார்ம்., டி.ஃபார்ம். வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, மருந்தைக் கையாள்பவரின் பொறுப்பையும் ஆய்வகப் பழக்கங்களையும் ஆசிரியர் விளக்கும் தொடக்கப் பேச்சு முதல்நாள் உரை எனப்படும். வெள்ளைக் கோட்டு, மூடிய காலணி, பிப்பெட்டை வாயால் உறிஞ்சாமை ஆகியவை எந்த வேதியியல் ஆய்வகத்துக்கும் பொதுவானவை. மருந்தாக்கியலுக்கே உரிய கவலை வேறு: இங்கே செய்யக் கற்பது பின்னாளில் யாரோ ஒருவர் விழுங்கப்போகும் பொருள்.

அந்தப் பொறுப்பு முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. பி.ஃபார்ம். பாடத்திட்டத்தின் முதல் பருவச் செய்முறைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் எலிக்சிர் ஒன்று. பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால், இத்தகைய நீர்மங்களில் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்றவற்றைக் கரைப்பானாகச் சேர்ப்பார்கள். இரண்டும் நிறமற்றவை, இனிப்பானவை, குழகுழப்பானவை. நச்சுப்பொருளான டைஎத்திலீன் கிளைகாலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே கண்ணாலோ நாக்காலோ இவற்றைப் பிரித்தறிய இயலாது.

இதற்குச் சான்று தேடிச் சென்னை மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் இந்த நச்சு கலந்த மருந்தால் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தனர். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அதன் எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச்சைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருந்தது.

இந்த எண்ணைக் கரண்டிக் கணக்கில் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். 100 மில்லிக்கு 48.6 கிராம் என்றால், 5 மில்லி கரண்டி ஒன்றில் ஏறத்தாழ 2.4 கிராம். நாளுக்கு நான்கு கரண்டி குடித்த குழந்தையின் உடலில் பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக நஞ்சு சேரும். ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு, அதன்படி ஒரு கரண்டியில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நஞ்சு சேர்ந்தவுடன் தெரிவது வாந்தியும் வயிற்றுவலியும்தான், அதாவது சாதாரணக் காய்ச்சலிலும் வருபவை. பிறகு சிறுநீர் குறைந்து நின்றுபோகும். "ரெண்டு நாளா மருந்து குடுக்கிறோம், குழந்தை மூச்சாவே போகல" என்று கடைக்கு வந்த தாய் சொன்னால், அடுத்த பாட்டிலை எடுத்துக் கொடுக்காமல், மருந்தை நிறுத்தச் சொல்லி, அந்தப் பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கலப்படம் பெரும்பாலும் மூலப்பொருளிலேயே நேர்கிறது. தொழிற்சாலைப் பயனுக்கான மலிவுக் கரைப்பான், மருந்துத் தரமென்ற லேபிளோடு கைமாறுகிறது. விற்பவர் தரும் ஆய்வுச் சான்றிதழ் மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து, வாயு நிறப்பிரிகை முறையில் சோதிப்பதே வழி. முதலாண்டு மாணவரால் அதைச் செய்ய முடியாது; அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பாட்டிலில் எழுதியிருப்பதைத் தவறின்றி வாசிப்பதும், அந்த எழுத்து கெடாமல் காப்பதும் அவரால் ஆகும்.

எனவே ஆய்வகப் பழக்கங்கள் லேபிளைச் சுற்றியே அமைகின்றன. பாட்டிலை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, ஊற்றும்போது ஒரு முறை, திருப்பி வைக்கும்போது ஒரு முறை எனப் பெயரும் தரக்குறியும் வாசிக்கப்படுகின்றன. ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கும். இல்லையேல் வழியும் துளி எழுத்தை அழித்துவிடும். எழுத்து அழிந்த பாட்டிலில் இருப்பதை ஊகிக்கக் கூடாது, அதைக் கழிவாக ஒதுக்கிவிட வேண்டும். அதிகமாக ஊற்றியதை மூலப் பாட்டிலில் திரும்பக் கொட்டக் கூடாது. செய்முறை ஏட்டில் அளவோடு பேட்ச் எண்ணையும் எழுத வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

அந்த எண் எதற்கு என்பது பின்னர் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாறிலோ மருந்துக் கடையில் பயிற்சிக்கு நிற்கும்போது புரியும். 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் பணி. பயிற்சி மாணவர் அவர் கண்காணிப்பில் மட்டுமே கைகொடுக்கலாம். ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறும்படி அறிவிப்பு வந்தால், கொள்முதல் பில்லில் உள்ள எண்ணோடு அலமாரியை ஒப்பிட்டு, அந்தப் பாட்டில்களைத் தனியே அடைத்து, விற்பனைக்கல்ல என்று எழுதி, விநியோகஸ்தருக்குத் திருப்ப வேண்டும். ஏற்கெனவே விற்ற பாட்டில்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். ரசீதில் பேட்ச் எண்ணும் வாங்கியவர் பெயரும் இருந்தால் தொலைபேசியில் எச்சரிக்கலாம். சீட்டும் ரசீதுமின்றிக் கைமாறிய பாட்டில் எந்த வீட்டில் இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.