சாக்ஸ் பிராக்சி, எச்டிடிபி பிராக்சி, விபிஎன்: மறைப்பதும் மறைக்காததும்

மூன்றுமே பயனருக்கும் இணையதளத்துக்கும் நடுவே நின்று, பொதுவாகத் தளத்துக்குத் தங்கள் ஐபி முகவரியையே காட்டுபவை. இணைப்பு தரும் நிறுவனத்துக்கு எவ்வளவு தெரிகிறது என்பதில்தான் பெரிதும் வேறுபடுகின்றன.

எச்டிடிபி பிராக்சி: பாதுகாப்பான தளத்தைத் திறக்கும்போது உலாவி முதலில் `CONNECT example.org:443` என்று பிராக்சியைக் கேட்கும். அதன்பின் பக்கத்தின் உள்ளடக்கம் மறையாக்கப்பட்டுச் செல்லும். ஆனால் பிராக்சி வரையிலான இணைப்பு மறையாக்கப்படாவிட்டால், அந்தத் தளப்பெயரை இணைப்பு நிறுவனமும் படிக்கலாம். மறையாக்கமற்ற கோரிக்கைகளில் சில பிராக்சிகள் `X-Forwarded-For` தலைப்பில் பயனரின் உண்மையான முகவரியையே சேர்த்துவிடும்.

சாக்ஸ் பிராக்சி: 1996இல் வரையறுக்கப்பட்ட ஐந்தாம் பதிப்பு, உலாவி மட்டுமன்றி வேறு செயலிகளின் இணைப்புகளையும் கடத்தும்; தானாக எதையும் மறையாக்காது. தளப்பெயருக்குரிய முகவரியை யார் தேடுவது என்பதில் கசிவு நேரலாம். `curl` கருவியில் `socks5://` என்றால் பயனரின் கணினியே தேடும். வழக்கமான டிஎன்எஸ் அமைப்பில் அந்தப் பெயர் இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியும். `socks5h://` என்றால் பிராக்சி தேடும்.

விபிஎன்: வழக்கமாகக் கணினியின் போக்குவரத்து முழுவதையும் மறையாக்கும். இணைப்பு நிறுவனத்துக்கு விபிஎன் வழங்கியின் முகவரி, நேரம், தரவின் அளவு ஆகியவை மட்டுமே தெரியும். செல்லும் தளங்களின் விவரம் விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகும்.

குக்கிகளையும் கணக்கில் உள்நுழைந்திருப்பதையும் மூன்றும் மறைப்பதில்லை.