ஃபிளாய்டின் 84: ஹீப் கட்டும் செலவு எங்கே பதிவாகியிருக்கிறது?

'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழ் 1964 ஜூனில் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸின் 232ஆம் அல்காரிதத்தை வெளியிட்டது. ஹீப் என்ற அமைப்பு அச்சேறியது அதில்தான். அதே ஆண்டு டிசம்பரில் ராபர்ட் ஃபிளாய்டின் 245ஆம் அல்காரிதம் வந்தது. அதன் பெயர் TREESORT 3. ஹீப்பை n உறுப்புகளுக்கு நேர்விகிதமான நேரத்தில் கட்டிவிடலாம் என்று இன்று நாம் சொல்லும்போது பயன்படுத்துவது இந்த இரண்டாவது செய்முறையைத்தான். ஆனால் ஃபிளாய்டின் குறிப்பில் அப்படி ஒரு தனிக்கூற்று இல்லை. மொத்த வரிசையாக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் உச்சவரம்பை மட்டும் அவர் தருகிறார். n = 2^p − 1 என்றால் ஒப்பீடுகள் 2 × (2^p − 2) × (p − 1)-ஐத் தாண்டாது.

இந்தச் சூத்திரத்தைப் பார்த்தவுடன் தோன்றும் ஒரு வாசிப்பு உண்டு. மரத்தின் உயரம் p − 1. ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு ஒப்பீடுகள். வேரிலிருந்து மதிப்பை இறக்கும் வேலை n − 1 முறை, அதாவது 2^p − 2 முறை நடக்கிறது. மூன்றையும் பெருக்கினால் சூத்திரம் வந்துவிடுகிறது. அப்படியானால் ஃபிளாய்ட் எண்ணியது உறுப்புகளை நீக்கும் கட்டத்தை மட்டுமே. கட்டும் செலவை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. அது நேரியல் என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டியதில்லை. வாசிப்பு எளிமையானது, கணக்கும் பொருந்துகிறது. ஆயினும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் அவருடைய நிரலிலேயே இருக்கிறது.

அறிவிப்புகளையும் விளக்கக் குறிப்புகளையும் நீக்கினால் நிரலின் உடல் இவ்வளவுதான்:

```
for i := n ÷ 2 step -1 until 2 do siftup (i, n);
for i := n step -1 until 2 do
  begin siftup (1, i); exchange (M[1], M[i]) end
```

j-ஆம் இடத்தின் பெற்றோர் j ÷ 2-இல், பிள்ளைகள் 2j-இலும் 2j + 1-இலும். (எண்ணுவதை 0-இலிருந்து தொடங்கினால் பெற்றோர் (j − 1) ÷ 2, பிள்ளைகள் 2j + 1, 2j + 2. இரண்டு வழக்கையும் கலந்து 0-இலிருந்து தொடங்கி 2j என்று எழுதினால் வேரே தனக்குப் பிள்ளையாகிவிடும்.) siftup என்ற பெயர் இருந்தாலும், அது M[i]-இல் உள்ள மதிப்பை வேரிலிருந்து விலக்கி இலைப் பக்கமாகக் கொண்டுபோகிறது, பெரிய பிள்ளை அதன் இடத்துக்கு வருகிறது.

முதல் சுற்று 2-இல் நிற்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலப் பாடநூல்கள் பலவும் கட்டும் சுற்றை 1 வரை ஓட்டி, ஹீப்பை முழுமையாக்கிய பிறகே நீக்கத்தைத் தொடங்குகின்றன. ஃபிளாய்ட் வேரைத் தொடாமல் விட்டுவிடுகிறார். இரண்டாவது சுற்றின் முதல் வேலையான siftup (1, n) கட்டுமானத்தை முடித்து வைக்கிறது. மொத்த வேலை மாறுவதில்லை. ஆனால் இரண்டு சுற்றுகளும் ஒரே எண்ணில், 2-இல், முடிகின்றன. என் வாதம் இதன்மீதுதான் நிற்கிறது.

n = 15, அதாவது p = 4 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் 2 × 14 × 3 = 84 என்கிறது. இனிச் சுற்று சுற்றாக எண்ணுவோம். முதல் சுற்றில் 7 முதல் 4 வரையுள்ள நான்கு கணுக்களும் ஆளுக்கு ஒரு மட்டம் இறங்கலாம். 3, 2 ஆகியவை இரண்டு மட்டம். மொத்தம் 8 மட்டங்கள், 16 ஒப்பீடுகள். இரண்டாவது சுற்றில் i = 15 முதல் 8 வரை மரத்துக்கு மூன்று மட்ட ஆழம், 7 முதல் 4 வரை இரண்டு, 3-க்கும் 2-க்கும் ஒன்று. 24 + 8 + 2 = 34 மட்டங்கள், 68 ஒப்பீடுகள். 16-உம் 68-உம் சேர்ந்தால் 84. கட்டும் செலவு அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது, மிச்சமும் இல்லை குறையும் இல்லை.

இது தற்செயல் அல்ல. கட்டும்போது i-ஆம் கணுவுக்கு ஆகும் செலவு அதன் உயரம், அதாவது அடிமட்டம் வரையுள்ள தூரம். நீக்கும்போது i-ஆம் படியின் செலவு அதே கணுவின் ஆழம், அதாவது வேரிலிருந்து உள்ள தூரம். முழுமையான மரத்தில் எந்தக் கணுவுக்கும் உயரமும் ஆழமும் சேர்ந்தால் p − 1. ஆகவே 2 முதல் n வரையுள்ள ஒவ்வொரு கணுவும் இரு சுற்றிலுமாக p − 1 மட்டங்களுக்குக் கணக்குச் சொல்கிறது. அப்படிப்பட்ட கணுக்கள் 2^p − 2. வேர் இரண்டு சுற்றிலும் சேரவில்லை. முதல் சுற்று n ÷ 2-இல் தொடங்குவதும் இதைக் கெடுக்காது. விட்டுப்போன இலைகளின் உயரம் 0.

எளிய வாசிப்பு சரியென்றால், கட்டும் சுற்றை அறவே மறந்த ஒருவர், தாண்டாது என்று துணிந்து சொன்ன வரம்பு அதிர்ஷ்டத்தால் மட்டும் உண்மையாகியிருக்க வேண்டும். நிரல்களின் சரித்தன்மையை நிறுவும் முறைக்கு 1967இல் அடித்தளமிட்ட ஃபிளாய்டிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். கட்டும் சுற்றையும் சேர்த்து ஒவ்வோர் இறக்கத்துக்கும் முழு உயரத்தை அவர் வைத்திருந்தாலோ 84-க்குப் பதில் 120 வந்திருக்கும்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. i = 2 ஆகும்போது வேருக்கு ஒரே பிள்ளைதான்; நிரல் ஒரே ஓர் ஒப்பீடுதான் செய்கிறது. மட்டத்துக்கு இரண்டு என்ற கணக்கு அங்கே கூடுதல். நுணுகி எண்ணியவர் இதையும் கழித்திருக்கலாமே என்று கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை இது வரம்பைத் தளர்த்துகிறதே தவிர, கட்டும் செலவை வெளியே தள்ளவில்லை. இருந்தாலும் சூத்திரம் ஒன்றே இரண்டு வழியிலும் வருவதால், அவர் மனத்தில் எந்த வழி இருந்தது என்பதை அந்த எண்ணால் மட்டும் தீர்க்க முடியாது.

ஹீப்பைக் கட்ட வில்லியம்ஸ் தந்த SETHEAP-உடன் ஒப்பிட்டால், உயரத்தை எண்ணுவதற்கும் ஆழத்தை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டின் அளவு தெரியும். அது INHEAP-ஐ மீண்டும் மீண்டும் அழைக்கிறது. புதிய மதிப்பு கடைசி இடத்தில் நுழைந்து பெற்றோரோடு ஒப்பிட்டபடி மேலே ஏறுகிறது. அவருடைய ஹீப்பில் சிறியதுதான் வேர். ஆகவே மதிப்புகள் இறங்கு வரிசையில் வந்தால் ஒவ்வொன்றும் வேர்வரை ஏறும். செலவு ஆழங்களின் கூட்டுத்தொகையாகிறது. 15 உறுப்புகளுக்கு அது 34 மட்டம். ஃபிளாய்டின் வழியில் வேரையும் சேர்த்து உயரங்களின் கூட்டுத்தொகை 11. p = 20 ஆகும்போது முதலாவது 1,88,74,370, இரண்டாவது 10,48,555. ஏறும்போது மட்டத்துக்கு ஓர் ஒப்பீடு, இறங்கும்போது இரண்டு என்பதைக் கணக்கில் கொண்டாலும் ஒன்பது மடங்கு இடைவெளி. மரத்தில் ஏறத்தாழ பாதிக் கணுக்கள் அடிமட்டத்தில் இருக்கின்றன. வேரிலிருந்து அவை மிகத் தொலைவு. இலைமட்டத்திலிருந்து தொலைவே இல்லை. கால்பங்கு ஒரு மட்டம், எட்டில் ஒன்று இரண்டு மட்டம் என்று போகும் கூட்டுத்தொகை 2^p − 1 − p-இல், அதாவது n − p-இல், நின்றுவிடுகிறது. நேரியல் நேரம் என்பது இதுதான்.

சுற்றின் திசையும் முக்கியம். 1, 2, 3, 4, 5, 6, 7 என்ற அணியில் 1-இலிருந்து 3 நோக்கி இறக்கினால் 3, 5, 7, 4, 2, 6, 1 கிடைக்கிறது. 7 வேருக்குக் கீழேயே சிக்கிக்கொள்கிறது. 3-இலிருந்து 1 நோக்கி இறக்கினால் 7, 5, 6, 4, 2, 1, 3. கீழ்மரங்கள் ஏற்கெனவே ஹீப்பாக இருந்தால்தான் ஓர் இறக்கம் போதும்.

கட்டுமானத்தின் செலவைத் தனியாக எடுத்து, எந்த n-க்கும் பொருந்தும் துல்லியமான உச்சத்தை 2012இல் மாரெக் சுச்செனெக் வெளியிட்டார். 2n-இலிருந்து, n-இன் இரும வடிவத்தில் உள்ள 1-களின் எண்ணிக்கையின் இருமடங்கையும், n-ஐ மிச்சமின்றி வகுக்கும் 2-இன் மிகப்பெரிய அடுக்கின் அடுக்கெண்ணையும் கழிக்க வேண்டும். 15 என்பது இருமத்தில் 1111; 30 − 8 − 0 = 22. ஃபிளாய்டின் 84-க்குள் முதல் சுற்றின் 16-உம், இரண்டாவது சுற்றுக்குத் தள்ளப்பட்ட வேரின் 6-உம் சேர்ந்த பங்கும் 22தான். அந்தப் பங்கை 1964இல் அவர் தனியே பிரித்துப் பார்த்தாரா என்பதற்கு, இரு சுற்றுகளும் 2-இல் முடிவதைத் தவிர வேறு சான்று அந்தக் குறிப்பில் இல்லை.