லேஸ் வகைகளை அறிவதில் அடிப்பரப்பின் முதன்மை

ஷாண்டிலி, கிப்யூர், பருத்தி ஐலெட் ஆகியவற்றைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: பூவேலை, அதைத் தாங்கும் வலை, ஓரம். மூன்றுக்கும் சம எடை தருவது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பூவேலை எளிதில் இடம்பெயரும். 19ஆம் நூற்றாண்டில் நார்மண்டியின் பாயோ நகரில் கறுப்புச் சால்வையில் பின்னப்பட்ட ரோஜாச் சரத்தை இன்றைய எம்ப்ராய்டரி இயந்திரம் எந்தத் துணியிலும் போட்டுத்தரும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஒரு பூவை அடுத்த பூவோடு இணைப்பது எது என்பதே.

ஷாண்டிலியில் அதை இணைப்பது மெல்லிய வலை. கையால் செய்யும்போது வலையும் பூவும் ஒரே பாபின் இழைகளால் ஒரே ஓட்டத்தில் பின்னப்படும். பூவின் உட்புறத்தை அரைப் பின்னலால் நிரப்புவதால் அது கெட்டியாகாமல், வலையைவிடச் சற்றே அடர்ந்த நிழலாக நிற்கும். முறுக்கேறாத தடித்த பட்டிழை ஒன்று பூவின் வரம்பைச் சுற்றிவரும். மற்ற இழைகளும் பட்டுதான். ஆனால் இறுக முறுக்கப்பட்டதால் பளபளப்பை இழந்தவை. பழைய சால்வைகளைப் பருத்தி என்று பலர் தவறாக எண்ணுவதற்கு இதுவே காரணம். பெரிய சால்வையைத் தனித்தனிப் பட்டைகளாகப் பின்னி, வலைக்கண்களோடு ஒன்றிப்போகும் தையலால் இணைத்தார்கள்.

இயந்திர ஷாண்டிலியை அந்தச் சுற்றிழையே காட்டிக்கொடுக்கும். லீவர்ஸ் தறியில் அந்த இழை ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவும். நடுவில் தொங்கும் பகுதியைப் பின்னர் நறுக்கிவிடுவார்கள். பூ தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெட்டப்பட்ட நுனிகள் துருத்தி நிற்கும். கைவேலையில் இழை அவ்வாறு நறுக்கப்படுவதில்லை.

கிப்யூரில் வலை கிடையாது. பூக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டோ குறுகிய கம்பிப் பின்னல்களால் கோக்கப்பட்டோ நிற்கும். இன்று சந்தையில் உள்ள கிப்யூர் பெரும்பாலும் 1880களில் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலனிலும் ஜெர்மனியின் பிளௌவனிலும் வளர்ந்த ரசாயன முறையின் வாரிசு. ஒரு துணியின்மேல் அடர்ந்த எம்ப்ராய்டரி போட்டு, பிறகு அத்துணியை மட்டும் கரைத்துவிடுவது அம்முறை. அன்று பட்டுத்துணியைக் காரத்தில் கரைத்தார்கள். இன்று நீரில் கரையும் பொருளே அடித்துணி. கரைப்பது முழுமையாகாவிட்டால் லேஸ் விறைப்பாக இருக்கும், இடுக்குகளில் பசைபோல ஒட்டும். தையல்கள் தம்மைத் தாமே தாங்க வேண்டியிருப்பதால் கிப்யூர் ஷாண்டிலியைவிடக் கனமாக இருக்கும்.

ஐலெட்டைக் கண்டிப்பாகப் பார்த்தால் லேஸ் என்று சொல்வதே கடினம். நம் துணிக்கடைகளில் ஹக்கோபா என்று கேட்டு வாங்கப்படும் அத்துணியில் அடிப்பரப்பு நெய்த பருத்தி. துளைகளைக் குத்தி, அவற்றின் விளிம்பைத் தையலால் சுற்றி மூடுகிறார்கள். அங்கே காலியிடம் துணியிலிருந்து எடுக்கப்பட்டது. ஷாண்டிலியில் அது பின்னலால் உருவானது.

இந்த விதி தடுமாறும் இடமும் உண்டு. கிப்யூர் என்று விற்கப்படும் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை எடுத்துக்கொள்வோம். வலை இல்லை, இலைகளைக் கம்பிகள் இணைக்கின்றன, ஓரம் அலையலையாக இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பெயர் சரியே. ஆனால் இலையின் நடுப்பகுதியை உருப்பெருக்கியில் பார்த்தால் பாவும் ஊடும் குறுக்கு நெடுக்காகச் செல்வது தெரிகிறது. அந்த இலை தையலால் ஆனதன்று, மிச்சம் வைத்த துணி. துளைகளைப் பெரிதாக வெட்டிய ஐலெட் இனத்து வேலையே அது. அடிப்பரப்பு கண்ணில் படாதபோது பூவின் வயிற்றுக்குள் அதைத் தேட வேண்டும். உண்மையான ரசாயன லேஸில் அங்கே தையல் தவிர வேறொன்றும் இராது.

ஓரம் இந்த முடிவை உறுதிப்படுத்தும் துணைச்சான்று. ஐலெட்டின் வளைவு ஓரம் அடர்தையலால் மூடப்பட்டுப் பிறகு வெட்டப்படுவதால், தையலுக்கு வெளியே பஞ்சு இழைகள் மயிர்போல் நிற்கும். கிப்யூரின் ஓரம் பூவின் தொடர்ச்சியே. கைவேலை ஷாண்டிலியின் ஓரத்தில் சிறு கண்ணிகள் இருக்கும். லீவர்ஸ் ஷாண்டிலியிலோ இமைமுடி போன்ற மெல்லிழைக் குஞ்சம் நீண்டிருக்கும்.

அந்தக் குஞ்சத்தைக் கண்டதும் லீவர்ஸ் என்று முடிவுகட்டுவது இன்று பரவலான பிழை. மலிவான ராஷல் இயந்திரத் துணியும் அதே குஞ்சத்தோடு, அதே பூக்களோடு வருகிறது. பூவும் ஓரமும் கைவிடும் அந்த இடத்தில் வலைதான் பதில் சொல்கிறது: லீவர்ஸ் வலையில் இழைகள் ஒன்றையொன்று முறுக்கிச் செல்லும், ராஷல் வலை பின்னலாடைபோல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த கண்ணிச் சங்கிலிகளால் ஆனது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஓரம் தையலுக்குள் மடிந்து மறைந்த பழைய ரவிக்கையிலும் இதே சோதனையைச் செய்யலாம். ஆடையைப் பிரிக்க வேண்டியதில்லை.