ஆறுக்கு அறுபது: ஸ்நெல்லன் அட்டையும் லாக்மார் அட்டையும்

கண் மருத்துவமனைச் சீட்டில் 6/12 என்று எழுதியிருந்தால், "பாதிப் பார்வைதான் இருக்காம்" என்று வீட்டில் கலங்கிப்போகிறார்கள். அந்த எண் பார்வையில் எத்தனை பங்கு மிச்சம் என்று சொல்வதில்லை. அது இரண்டு தூரங்களைச் சொல்கிறது. மேலே இருக்கும் 6, அட்டைக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரம், மீட்டரில். கீழே இருக்கும் 12, நாம் கடைசியாகப் படித்த வரிசையை இயல்பான கண் எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கும் என்பது. பிறர் 12 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தைப் படிக்க நாம் 6 மீட்டருக்கு வரவேண்டியிருக்கிறது; அவ்வளவுதான் பொருள். அமெரிக்காவில் அடிக் கணக்கு என்பதால் நம் 6/6 அங்கே 20/20.

இந்தப் பின்னத்தைத் தந்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். 1862-இல் வெளியான அவருடைய அட்டையின் வழிவந்தவைதான் இன்றும் பெரும்பாலான கண் மருத்துவமனைகளிலும் கண்ணாடிக் கடைகளிலும் தொங்குகின்றன. அதற்குப் போட்டியாக வந்த லாக்மார் அட்டையை 1976-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயான் பெய்லியும் ஜேன் லவ்வியும் வடிவமைத்தார்கள். இரண்டும் அளப்பது ஒன்றையே என்றாலும், ஒரே கண்ணைப் பற்றி இரண்டும் வெவ்வேறு சேதி சொல்லக்கூடும்.

முதலில் ஒற்றுமை. ஸ்நெல்லன் தன் எழுத்தை ஐந்துக்கு ஐந்து கட்டங்களுக்குள் அமைத்தார். எழுத்தின் உயரம் ஐந்து கட்டம். அதன் கோட்டுத் தடிமன் ஒரு கட்டம். ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கோண நிமிடம். குறித்த தூரத்தில் அந்த ஒரு கட்டம் கண்ணில் ஒரு கோண நிமிட அளவுக்குத் தெரியவேண்டும். இந்தக் கணக்கில் 6/6 வரிசை எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர், உச்சியில் தனியாக நிற்கும் 6/60 எழுத்து அதைப்போலப் பத்து மடங்கு, 87 மில்லிமீட்டர். லாக்மார் அட்டையும் இதே கோணத்தைத்தான் அளக்கிறது. 6/6 என்பது உச்ச வரம்பும் அல்ல. நலமான இளம் கண்கள் பல 6/5 வரிசையையும் படித்துவிடும்.

வேற்றுமை படிகளில் தொடங்குகிறது. ஸ்நெல்லன் அட்டையின் வரிசைகள் வழக்கமாக 60, 36, 24, 18, 12, 9, 6 என்று இறங்கும். 60-லிருந்து 36-க்கு வரும்போது எழுத்து 40 விழுக்காடு சிறுத்துவிடுகிறது. 12-லிருந்து 9-க்கு வரும்போது 25 விழுக்காடுதான். கோடுகள் சீரான இடைவெளியில் இல்லாத அடிக்கோலால் அளப்பதுபோல் இது. "இரண்டு வரிசை முன்னேற்றம்" என்று சொன்னால், அது எந்த இரண்டு வரிசை என்று கேட்காமல் மதிப்பிட முடியாது. லாக்மார் அட்டையில் ஒவ்வொரு வரிசையும் மேலே உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறியது. மூன்று வரிசை இறங்கினால் எழுத்து சரிபாதியாகும். மேலே தொடங்கினாலும் நடுவில் தொடங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது நெருக்கம். ஸ்நெல்லன் அட்டையின் உச்சியில் ஓர் எழுத்து, அடுத்ததில் இரண்டு, கீழே போகப் போக ஏழெட்டு. பக்கத்தில் வேறு எழுத்துகள் நெருக்கினால் படிப்பது கடினமாகும். சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கு இது மிகவும் கூடுதல். தனி எழுத்தைச் சட்டென்று சொல்லும் குழந்தை, அதே அளவு எழுத்து வரிசையில் வந்தால் தடுமாறும். ஆகவே மேல் வரிசைகளில் ஸ்நெல்லன் அட்டை அந்தக் கண்ணை உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடும். லாக்மார் அட்டையில் எல்லா வரிசையிலும் ஐந்தே எழுத்துகள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஓர் எழுத்தின் அகலம். மேலிருந்து கீழ்வரை நெருக்கம் மாறாததால், வரிசைக்கு வரிசை மாறுவது எழுத்தின் அளவு மட்டுமே.

மதிப்பெண் போடும் முறையும் வேறு. லாக்மாரில் 6/60 என்பது 1.0, 6/6 என்பது 0. எண் குறைந்தால் பார்வை கூடுகிறது என்று பொருள். 6/6-ஐவிடக் கூர்மையான கண்ணுக்குக் கழித்தல் குறிகூட வரும். வரிசைக்கு 0.1, எழுத்துக்கு 0.02.

நீரிழிவால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து, கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லாக்மார் அட்டையில் முதல் ஊசிக்கு முன் 1.0 வரிசையை முழுதும், அடுத்ததில் ஓர் எழுத்தும் படிக்கிறார்: ஆக 6 எழுத்து, மதிப்பு 0.98. சில மாதம் கழித்து இரண்டு வரிசை முழுதும், மூன்றாவதில் நான்கு எழுத்தும் படிக்கிறார்: 14 எழுத்து, மதிப்பு 0.82. பின்னமாக மாற்றினால் 6/57 என்பது ஏறத்தாழ 6/40 ஆகியிருக்கிறது. இதே கண்ணை ஸ்நெல்லன் அட்டை முன் நிறுத்தினால் இரண்டு முறையும் 6/60தான். காரணம், அங்கே 60-க்கு அடுத்த படி 36. இவர் இன்னும் அதை எட்டவில்லை. மருந்து வேலை செய்தும் சீட்டில் மாற்றமில்லை. சிகிச்சையைத் தொடர்வதா, மருந்தை மாற்றுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் இந்த எட்டு எழுத்து பெரிய சேதி. பார்வை இறங்கும்போதும் இதே ஆபத்து உண்டு: 6/40 ஆக இருந்த கண் 6/57 ஆனாலும் ஸ்நெல்லன் அட்டை வாய் திறக்காது.

லாக்மாரிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கண்ணில் மாற்றமே இல்லாதபோதும் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் நாலைந்து எழுத்து கூடிக் குறையலாம். அதனால்தான் இரண்டு எழுத்துக் குறைவை எவரும் பெரிதாக எடுப்பதில்லை. விழித்திரை மருந்து ஆய்வுகளில் 15 எழுத்து, அதாவது மூன்று வரிசை, திட்டவட்டமான மாற்றமாகக் கொள்ளப்படுகிறது. 1980-களில் அமெரிக்காவின் நீரிழிவு விழித்திரை ஆய்வுக்காக 4 மீட்டரில் வைத்துப் படிக்கும் லாக்மார் அட்டை உருவாக்கப்பட்டது. அன்றுமுதல் இத்தகைய ஆய்வுகளுக்கு அதுவே பொது அளவாகிவிட்டது.

அப்படியானால் ஸ்நெல்லனைக் கழற்றிவிடலாமா? வேண்டாம். கண்ணாடிப் பவர் பார்க்கவும், பள்ளி முகாமில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யாருக்குக் குறை என்று பிரிக்கவும் அது போதும், வேகமும் அதிகம். அங்கே கேள்வி "6/9-ஐத் தாண்டுகிறானா இல்லையா" என்பதுதான். லாக்மாரில் எழுத்தெழுத்தாக எண்ணி எழுத நேரம் பிடிக்கும். நாள்பட்ட நோயைத் தொடர்ந்து பார்க்கும்போது அந்த நேரத்தைச் செலவிட்டே ஆகவேண்டும்.

எந்த அட்டையானாலும் சோதனை நடக்கும் விதம் முடிவைக் கெடுக்கலாம். விரல் இடுக்கு வழியே பார்க்கும் பிள்ளை, மூடிய கண்ணாலும் படித்துவிடும். உள்ளங்கையால் அழுத்தாமல் மூடவேண்டும். வலது கண்ணால் படித்த வரிசையை இடது கண் நினைவிலிருந்து ஒப்பிக்கும்.

இரண்டும் சேர்ந்தே தவறவிடுவது ஒன்று உண்டு. இரண்டும் சோதிப்பது விழித்திரையின் நடுப் புள்ளியை. அதுவும் வெள்ளையில் கறுப்பெழுத்தால். கண்ணழுத்த நோய் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டிருக்கும்போதே ஒருவர் 6/6 வாசிக்கலாம். நீரிழிவுப் பாதிப்பும் இப்படி மறைந்திருக்கலாம்; ஆகவே நல்ல எண் வந்தாலும் நீரிழிவு உள்ளவர் விழித்திரையைக் காட்டத்தான் வேண்டும். தொடர் சிகிச்சையில் இருப்பவர் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: சென்ற முறை அளந்த அதே வகை அட்டையிலா, அதே கண்ணாடியோடா இம்முறையும் அளந்தார்கள்? இல்லையென்றால் இரண்டு சீட்டிலும் உள்ள எண்களை ஒப்பிட்டு மகிழவும் முடியாது, கவலைப்படவும் முடியாது.