இரண்டரை இலட்சம் இன்றும் இரண்டரை இலட்சமா? பெயரளவு உற்பத்தியும் உண்மை உற்பத்தியும்

ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் இறுதிப் பொருள்கள், சேவைகள் அனைத்தின் பண மதிப்பே மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) எனப்படுகிறது. இம்மதிப்பை அந்தந்த ஆண்டின் விலையிலேயே கணக்கிட்டால் கிடைப்பது பெயரளவு ஜிடிபி. குறிப்பிட்ட ஓர் அடிப்படை ஆண்டின் விலையில் கணக்கிட்டால் கிடைப்பது உண்மை ஜிடிபி. அரசு அறிக்கைகளில் முன்னது 'நடப்பு விலையில்' என்றும், பின்னது 'நிலையான விலையில்' என்றும் தலைப்பிடப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுகையில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறினால், விலையேற்றத்தை வளர்ச்சி என்று நம்பிவிட நேரும். அந்தத் தவற்றின் சுமை யார் மீது விழுகிறது என்பதையும் இக்கட்டுரை இறுதியில் காட்டும்.

ஒரு வயலின் கணக்கு

நாஞ்சில் நாட்டின் சுசீந்திரம் பகுதியில் ஒரு நெல்வயலை எடுத்துக்கொள்வோம். கும்பப்பூ பருவத்தில் அதில் 25 குவிண்டால் விளைகிறது எனக் கொள்வோம். 2013-14ஆம் ஆண்டில் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,310 ரூபாய். அவ்விலையில் விளைச்சலின் மதிப்பு 32,750 ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் அந்த ஆதரவு விலை 2,300 ரூபாய். அதே வயலில் அதே 25 குவிண்டால் விளைந்தால் மதிப்பு 57,500 ரூபாய். பெயரளவில் 75 விழுக்காட்டுக்கும் மேலான உயர்வு. ஆனால் களத்தில் ஒரு நெல்மணிகூடக் கூடவில்லை. நாற்று நட்டவரின் உழைப்பும் அறுத்தவரின் உழைப்பும் அப்படியே உள்ளன. உயர்ந்தது விலை மட்டுமே.

இனி விளைச்சல் 27 குவிண்டாலாகக் கூடியது எனக் கொள்வோம். 2024-25 விலையில் அதன் மதிப்பு 62,100 ரூபாய். 2013-14 விலையிலேயே கணக்கிட்டால் 35,370 ரூபாய். முதல் எண்ணை 32,750உடன் ஒப்பிட்டால் வளர்ச்சி ஏறத்தாழ 90 விழுக்காடு. இரண்டாவது எண்ணை ஒப்பிட்டால் 8 விழுக்காடு. விளைச்சல் உண்மையில் எவ்வளவு கூடியது என்ற கேள்விக்கு இரண்டாவது எண்ணே விடை.

குறைப்பான் என்றால் என்ன?

பெயரளவு மதிப்பை உண்மை மதிப்பால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே ஜிடிபி குறைப்பான். மேற்கண்ட வயலில் 62,100ஐ 35,370ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 175.6 கிடைக்கும். அடிப்படை ஆண்டில் நூறாக இருந்த விலைநிலை 175.6 ஆகியிருக்கிறது என்பது இதன் பொருள். வயலில் ஒரே ஒரு பொருள் இருப்பதால் இங்கே குறைப்பானும் நெல் விலையின் உயர்வும் ஒன்றாகவே அமைகின்றன. ஒரு நாட்டின் குறைப்பானில் நெல், சிமெண்டு, மின்சாரம், மென்பொருள், வங்கிச் சேவை என அனைத்தும் அவற்றின் உற்பத்தி அளவுக்கேற்ற எடையுடன் சேர்கின்றன.

2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரின்படி, 2013-14இல் இந்தியாவின் ஜிடிபி நடப்பு விலையில் சுமார் 112.3 இலட்சம் கோடி ரூபாய். நிலையான விலையில் சுமார் 98 இலட்சம் கோடி. குறைப்பான் 114.6. 2025 மே மாதம் வெளியான தற்காலிக மதிப்பீட்டின்படி, 2024-25இல் அது நடப்பு விலையில் 330.68 இலட்சம் கோடி. நிலையான விலையில் 187.97 இலட்சம் கோடி. குறைப்பான் 175.9. பெயரளவில் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்று மடங்காகத் தெரிகிறது. உண்மையில் அது இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. 'பொருளாதாரம் மூன்று மடங்கானது' என்று ஒருவர் மேடையில் முழங்கினால், எந்த விலையில் என்று முதலில் கேட்க வேண்டும்.

உதவித்தொகையின் வருமான வரம்பு

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2013-14 முதல் 2.5 இலட்சம் ரூபாய். 2021இல் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் திருத்தப்பட்டபோதும் அந்த வரம்பு மாறவில்லை. காகிதத்தில் அது நிலையான எண். விலையில் வைத்துப் பார்த்தால் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டிருக்கும் எண்.

2013-14க்கும் 2024-25க்கும் இடையில் குறைப்பான் 114.6இலிருந்து 175.9 ஆனது; அதாவது 1.535 மடங்கு. 2.5 இலட்சத்தை 1.535ஆல் வகுத்தால் 1.63 இலட்சம். வரம்பை ஒரு ரூபாயும் குறைக்காமலே, 2013-14இன் விலையில் அது 1.63 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. பழைய மதிப்பைக் காக்க வேண்டுமானால் 2024-25இல் வரம்பு சுமார் 3.84 இலட்சமாக இருந்திருக்க வேண்டும்.

இதை ஒரு குடும்பத்தில் பொருத்திப் பார்ப்போம். 2013-14இல் ஆண்டுக்கு 1.8 இலட்சம் ஈட்டிய குடும்பம் அது. அப்போது மூத்த பிள்ளைக்கு உதவித்தொகைக்கான தகுதி இருந்தது. விலையேற்றத்துக்கு ஈடாக மட்டும் வருமானம் உயர்ந்திருந்தால் 2024-25இல் அது 2.76 இலட்சம். வாங்கும் திறன் சற்றும் கூடவில்லை. ஆயினும் இளைய பிள்ளை வரம்புக்கு வெளியே தள்ளப்படுகிறது. எந்த ஆணையும் இவரை நீக்கவில்லை. பெயரளவு எண்ணைத் திருத்தாமல் விட்டதே நீக்கியது. அரசு ஊழியரின் அகவிலைப்படி விலைக் குறியீட்டெண்ணோடு இணைக்கப்பட்டு ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. இந்த வரம்புக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

எந்த அளவுகோல்?

குறைப்பான் நாட்டின் முழு உற்பத்தியையும் அளப்பதற்கானது. ஒரு குடும்பத்தின் செலவை அளப்பதற்கானது அன்று. இந்தியாவில் அதைக் கணிக்க மொத்த விலைக் குறியீட்டெண் பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. கச்சா எண்ணெய், உலோகம் போன்றவற்றின் விலை வீழ்ந்தால் மொத்த விலைக் குறியீட்டெண்ணும் வீழும். அரிசி, பருப்பு, பேருந்துக் கட்டணம் அதனுடன் சேர்ந்து வீழ்வதில்லை. 2023-24இல் நுகர்வோர் விலைகள் 5.4 விழுக்காடு உயர்ந்தன. மொத்த விலைக் குறியீட்டெண்ணோ சற்றுக் குறைந்தது. குறைப்பான் இரண்டுக்கும் இடையில் நின்றது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. குறைப்பான் விலையேற்றத்தைக் குறைத்துக் காட்டினால் உண்மை வளர்ச்சி அந்த அளவுக்கு மிகுந்து தோன்றும். மேலும், குடும்ப வருமானத்தை ஒப்பிடுவதற்கு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணே பொருத்தமானது. அதன்படி அதே காலத்தில் விலைகள் ஏறத்தாழ 1.7 மடங்காயின. அப்படியானால் வரம்பு 4.2 இலட்சத்துக்கும் மேல் இருந்திருக்க வேண்டும். நாம் மேலே குறைப்பானைக் கொண்டு காட்டிய இழப்பு, இழப்பின் குறைந்த மதிப்பீடே.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, இரு ஆண்டுகளின் எண்களும் ஒரே விலையில் உள்ளனவா என்று அட்டவணைத் தலைப்பைப் பார்க்க வேண்டும். ஓராண்டின் நிலையான விலை எண்ணை மற்றோர் ஆண்டின் நடப்பு விலை எண்ணோடு வைத்தால் விடை பொருளற்றது. இரண்டாவது, அடிப்படை ஆண்டு ஒன்றாக இருக்க வேண்டும். 2004-05 தொடரின் எண்ணை 2011-12 தொடரின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. மூன்றாவது, நிதி ஒதுக்கீடுகளுக்கும் இதே சோதனை பொருந்தும். ஒரு துறையின் ஒதுக்கீடு 5 விழுக்காடு கூடிய ஆண்டில் விலைகளும் 5 விழுக்காடு கூடியிருந்தால், அத்துறைக்கு எதுவும் கூடவில்லை. பயனாளிகளின் எண்ணிக்கை அதே ஆண்டில் உயர்ந்திருந்தால், ஒவ்வொருவருக்கும் கிடைத்தது குறைந்திருக்கிறது.