ரஹ்மத்துல்லா 1990: ஒரு கோட்டின் கதை

திருமங்கலம் பக்கத்தில் கண்ணில் ஒரு குறை என்றால் மதுரைக்குப் பஸ் ஏறி அரவிந்துக்குப் போவார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து கிளம்பிய ஓர் ஆய்வு, உலகம் முழுக்க மருத்துவர்கள் பார்க்கும் ஒரு படத்தில் ஒற்றைக் கோடாக இருப்பது அவ்வளவாகத் தெரியாது.

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது பழைய செய்தி. 1986-ல் இந்தோனேசியாவின் அச்சே பகுதி ஆய்வை வெளியிட்ட ஆல்ஃபிரட் சாமர் குழு, அந்த வைட்டமின் கொடுத்தால் குழந்தைகளின் இறப்பே குறைகிறது என்றது. பலர் நம்பவில்லை. லைலா ரஹ்மத்துல்லா, ஆர்.டி. துளசிராஜ் உள்ளிட்டோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிய அளவு வைட்டமின் ஏ, மற்றவர்களுக்கு அது இல்லாத சொட்டு. விபத்துகளை விட்டுவிட்டால் 117 இறப்புகள். அவற்றில் 80 வைட்டமின் பெறாதவர்கள் பக்கம், 37 பெற்றவர்கள் பக்கம்.

இந்த முடிவைப் படத்தில் எப்படிப் போடுவது? நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அதன் மதிப்பு 1. இரு பக்கமும் இறப்பு சமம் என்று பொருள். இடப்பக்கம் போனால் மருந்துக்குச் சாதகம். ரஹ்மத்துல்லா குழுவின் சதுரம் 0.46-ல் நிற்கிறது, அதாவது ஆபத்து பாதிக்கும் கீழ். சதுரத்தின் வழியே ஓடும் படுக்கைக் கோடு 0.30-ல் தொடங்கி 0.71-ல் முடிகிறது. இதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. தற்செயலையும் கணக்கில் எடுத்தால் உண்மையான விளைவு எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. கோடு 1-ஐத் தொடாததால் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சொல்வது கடினம். வலப்பக்கம் நீளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அச்சு விகித அளவில் போடப்படுவதால் (0.5-ம் 2-ம் 1-லிருந்து சம தூரம்) படத்தில் இரு கைகளும் சமமாகவே தெரியும்.

அதே 1990-ல் ஹைதராபாத் ஆய்வும் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய டோஸ். அதன் சதுரம் 1-க்கு அருகிலேயே நின்றது, கோடு இருபுறமும் நீண்டது. இதை 'வைட்டமின் பயனில்லை' என்று படித்தவர்கள் உண்டு. அது தவறு, 'இந்த ஆய்வால் மட்டும் சொல்ல முடியவில்லை' என்பதே சரியான வாசிப்பு.

1993-ல் டொராண்டோவின் பீட்டன் குழு பல ஆய்வுகளைச் சேர்த்தது. மொத்த மதிப்பீடு 0.77, இடைவெளி 0.68 முதல் 0.88. இத்தகைய மொத்தத்தைத்தான் படத்தின் அடியில் வைரம் போல வரைகிறார்கள். வைரத்தின் நடுப்புள்ளி மதிப்பீடு, இரு முனைகளும் இடைவெளியின் எல்லைகள். 2011-ல் வந்த தொகுப்பிலும் 0.76 தான்.

பிறகு 2013-ல் டெவ்டா ஆய்வு வெளியானது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகள், ஐந்து ஆண்டுகள். முடிவு 0.96, கோடு 0.89 முதல் 1.03. மிகக் குட்டையான கோடு, 1-ஐத் தாண்டுகிறது.

இங்கேதான் சதுரத்தின் பருமன் விளையாடுகிறது. எடை, கோட்டின் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். விகித அளவில் அளந்தால் தமிழ்நாட்டுக் கோடு டெவ்டாவின் கோட்டைவிட ஏறக்குறைய 6 மடங்கு நீளம். ஆகவே டெவ்டாவுக்குச் சுமார் 35 மடங்கு எடை. இந்த இரண்டை மட்டும் இப்படிச் சேர்த்தால் வைரம் 0.94-ல் விழும்! பாதிக்கும் கீழ் என்று சொன்ன ஆய்வு கிட்டத்தட்ட காணாமல் போய்விடுகிறது. 2017-ன் காக்ரேன் தொகுப்பில், டெவ்டாவும் சேர்ந்த நிலையில், வைரம் 0.88-க்கு நகர்ந்தது (0.83 முதல் 0.93).

ஆனால் அந்த இரு கோடுகளையும் மறுபடி பாருங்கள். ஒன்று 0.71-ல் முடிகிறது, மற்றது 0.89-ல்தான் தொடங்குகிறது. ஒன்றன் மேல் ஒன்று படவே இல்லை. அப்படியானால் தற்செயல் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வாரச் சொட்டும் ஆறு மாத டோஸும் வேறு. ஊர் வேறு, உணவு வேறு. டெவ்டாவில் மருந்து உண்மையில் எத்தனை குழந்தைகளின் வாய்க்குப் போனது என்று சாமரும் மற்றவர்களும் கேள்வி எழுப்பினார்கள், ஆய்வாளர்கள் மறுத்தார்கள். ஆய்வுக்கு ஆய்வு விளைவே மாறலாம் என்று வைத்துக் கணக்கிடும் முறையில் பெரிய ஆய்வின் ஆதிக்கம் குறையும், வைரம் திரும்ப இடப்பக்கம் போகும், ஆனால் அகலமாகும். எந்த முறை என்பதைப் படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வைரத்தைப் பார்க்கும் முன் படிக்க வேண்டிய வரி அதுதான்.